412 குழந்தைகள் சேர்ந்தார்கள், அப்புறம்?

எங்கள் அறக்கட்டளை மாலை நேரத்தில் வாசிப்பு வகுப்பு நடத்துகிறது. பள்ளிக்குப் போயும் ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் படிக்க முடியாத குழந்தைகளுக்கானது. நிதி கேட்டு ஒரு பெரிய நன்கொடையாளரைப் பார்க்கப் போனபோது பிரசென்டேஷனைத் தயாரித்தது நான்தான். மொத்தம் 34 ஸ்லைடு. நிறுவனர் வரலாறு, விழாப் படங்கள், வாங்கிய கேடயங்கள் எல்லாம் இருந்தன. பன்னிரண்டாவது ஸ்லைடில் "412 குழந்தைகள் பயன் பெற்றனர்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தேன்.

அவர் அங்கேயே நிறுத்தச் சொன்னார். "412 பேர் சேர்ந்தாங்க, சரி. அதுல எத்தனை பேருக்குப் படிக்க வந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த அறங்காவலருக்கும் தெரியவில்லை. மீதி 22 ஸ்லைடையும் காட்டிவிட்டுத்தான் வந்தோம், ஆனால் கூட்டம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

திரும்பி வந்ததும் முதலில் ஸ்லைடைத் தொடவில்லை, வகுப்புப் பதிவேடுகளை எடுத்தேன். நல்லவேளையாக, எங்கள் ஆசிரியர்கள் சேரும்போது ஒரு முறை, ஆண்டு முடிவில் ஒரு முறை என்று ஒவ்வொரு குழந்தையையும் படிக்க வைத்துப் பார்ப்பார்கள். எழுத்து, சொல், வரி, பத்தி என்று நான்கு படி. எந்தப் படியில் நிற்கிறதோ அதற்கு நேரே ஒரு டிக். நான்கு நாள் உட்கார்ந்து எண்ணினேன். சேர்ந்த 412 பேரில் 31 பேர் முதல் நாளே பத்தி படித்தவர்கள். அவர்களை எங்கள் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. மீதி 381. ஆண்டு முடிவுச் சோதனைக்கு வந்தவர்கள் 230. அவர்களில் பத்தி படித்தவர்கள் 148.

இங்கேதான் எங்களுக்குள் சண்டை. 148-ஐ 230-ஆல் வகுத்தால் 64 சதவீதம். 381-ஆல் வகுத்தால் 39. "64-ன்னு போடுங்க தம்பி, பொய் இல்லையே" என்றார் மூத்த அறங்காவலர். பொய் இல்லைதான். ஆனால் பாதியில் நின்ற 151 பேர் யார்? பதிவேட்டைப் புரட்டினால் அவர்களில் பெரும்பாலானோர் முதல் சோதனையில் 'எழுத்து' படியில் இருந்தவர்கள். அதாவது மிகவும் பின்தங்கியவர்கள்தான் முதலில் நின்றிருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு வகுத்தால், யாருக்காக வகுப்பு நடத்துகிறோமோ அவர்களே கணக்கிலிருந்து காணாமல் போகிறார்கள். கடைசியில் 39-ஐயே போட்டோம், மூன்று எண்களும் தெரியும்படி. கீழே ஒரு வரி: இந்தக் குழந்தைகள் பள்ளிக்கும் போகிறார்கள், ஒரு வயதும் கூடியிருக்கிறது, அதனால் முன்னேற்றம் முழுவதும் எங்களால் வந்தது என்று சொல்ல முடியாது. இந்த வரியை எழுத எனக்கும் கை கூசியது.

எண் மாறியதும் செலவுக் கணக்கும் மாறியது. முன்பு மொத்தச் செலவைச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்து 'ஒரு குழந்தைக்கு இவ்வளவுதான்' என்று காட்டினோம். படிக்க வந்த 148 பேரால் வகுத்தால் அது ஏறக்குறைய 2.8 மடங்கு. இரண்டையும் ஒரே ஸ்லைடில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மலிவான எண்ணை மட்டும் காட்டினால், கொஞ்சம் கணக்குத் தெரிந்த யாரும் அடுத்த கேள்வியிலேயே இதைப் பிடித்துவிடுவார்கள்.

பழைய பிரசென்டேஷனில் இன்னொரு வட்டப்படம் இருந்தது: "95 சதவீதம் நேரடியாகக் குழந்தைகளுக்கு." அது எப்படி வந்தது என்று தேடினேன். கணக்காளர் சம்பளத்தைக் 'கல்விச் செலவு' என்ற தலைப்பில் போட்டிருந்தார்கள். ஒழுங்காகப் பிரித்தால் நிர்வாகச் செலவு 14 சதவீதம். எல்லோரும் பதறினார்கள். எனக்கு அப்போது ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. 2014-ல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. நிர்வாகச் செலவை வேறொருவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார், உங்கள் பணம் முழுவதும் பணிக்கே போகும் என்று சொன்னபோது, கொடுப்பவர்கள் அதிகமாக இருந்தார்கள் என்பது அதன் முடிவு. அறங்காவலர்கள் ஐந்து பேரும் அந்த 14-ஐத் தாங்களே பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டார்கள். அதை எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகுதான் ஸ்லைடில் ஏற்றினேன். வாய்ச்சொல்லை ஸ்லைடில் ஏற்றக் கூடாது.

எல்லோரும் தயங்கிய ஸ்லைடு ஒன்று உண்டு. எங்கள் வகுப்பு நடக்கும் கட்டடங்களில் ஒன்று ஓர் அறங்காவலருடையது. வாடகை கொடுக்கிறோம். அறங்காவலர்களில் இருவர் மைத்துனர்கள். தப்பு எதுவும் நடக்கவில்லை, ஆனால் தணிக்கை அறிக்கையின் குறிப்புகளில் இது இருக்கிறது, படிக்கிறவர் கண்ணில் படத்தான் போகிறது. அவராகக் கண்டுபிடித்தால் ஒளித்ததாக ஆகும். அதனால் நாங்களே சொன்னோம்: வாடகை எவ்வளவு, பக்கத்து இடங்களில் எவ்வளவு, அதை முடிவு செய்த கூட்டத்தில் அந்த அறங்காவலர் வாக்களிக்கவில்லை என்பது, பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும், அந்த இருவர் உறவினர்களாக இருக்கக் கூடாது என்பது.

படங்களில் ஒன்றைத்தான் நீக்கினேன் என்று சொன்னால் பொய். எல்லாவற்றையும் நீக்கினேன். அட்டைப்படத்தில் இருந்த பையனின் அம்மா, "அவன் பெரியவனானா இதைப் பார்ப்பானே சார்" என்று ஒரு நாள் கேட்டதுதான் காரணம். அந்த இடத்தில் பதிவேட்டின் ஒரு பக்கத்தை வைத்தேன், பெயர்களை மறைத்து, வீட்டில் அனுமதி கேட்டு. ஒரு வரிசையில் ஜூன் மாதம் 'எழுத்து' கட்டத்தில் நீல மையில் டிக். அதே வரிசையில் மார்ச் மாதம் 'பத்தி'யில் டிக், பக்கத்தில் ஆசிரியர் கையெழுத்தில் "இரண்டு இடத்தில் திக்கினாள், தானே திருத்திக்கொண்டாள்" என்று இருந்தது.

இப்போது மொத்தம் 11 ஸ்லைடு. முதலில் பிரச்சினை, ஒரே ஸ்லைடு. அடுத்து அந்தப் பதிவேட்டுப் பக்கம், அப்புறம் 412-லிருந்து 148 வரையிலான கணக்கு, நின்றுபோனவர்கள், செலவு, வாடகையும் உறவும், கடைசியில் கேட்பது. நின்றுபோனவர்களைச் செலவுக்கு முன்னால் வைத்ததற்குக் காரணம், கேட்கும் பணத்தில் பெரும்பகுதி அதற்குத்தான்: வராத குழந்தையின் வீட்டுக்கு அந்த வாரமே போய்ப் பார்க்க ஓர் ஆள். கேட்கும் ஸ்லைடில் முழுத் தொகை கிடைத்தால் என்ன நடக்கும் என்பதோடு, பாதி கிடைத்தால் எந்த இரண்டு மையத்தில் மட்டும் செய்வோம் என்றும் எழுதினோம். அறிக்கை எந்தத் தேதியில் அவர் கைக்கு வரும் என்பதும் அதிலேயே.

அதே மனிதர்தான் மறுபடியும் நேரம் கொடுத்தார். 39 சதவீதத்தில் நிற்கவே இல்லை. வாடகை ஸ்லைடில் நிறுத்தி, "ஒப்பந்த நகல் இருக்கா?" என்றார். பையில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். பாதித் தொகைதான் கொடுத்தார், ஆறு மாதம் கழித்து மீதியைப் பற்றிப் பேசலாம் என்றார். கிளம்பும்போது அவர் கேட்ட ஒரே விஷயத்துக்காகப் பதிவேட்டில் இப்போது புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்: 'ஏன் நின்றார்?' முதல் மாதத்தில் அதில் ஏழு பதில் வந்திருக்கிறது. நான்கில், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறது.