கூட்டல் தொகுதியில் வந்தால் வித்தியாசம் எடுங்கள்: ஸ்டோல்ஸ்–செசாரோ

முதுகலை நுழைவுத் தேர்வுக்குப் படித்த நாட்களில் எனக்கு அதிகம் கைகொடுத்தது ஸ்டோல்ஸ்–செசாரோ தேற்றம். aₙ/bₙ-இன் எல்லையைக் கேட்கிறார்கள், தொகுதியில் n உறுப்புகளின் கூட்டல் இருக்கிறது என்றால் முதலில் இதைத்தான் முயன்று பார்ப்பேன். அடுத்தடுத்த இரண்டு கூட்டல்களைக் கழித்தால் கடைசி உறுப்பு மட்டும்தானே மிஞ்சும்!

bₙ கறாராக ஏறிக்கொண்டே போய் முடிவிலியை எட்ட வேண்டும். அப்போது (aₙ₊₁ − aₙ)/(bₙ₊₁ − bₙ) ஓர் எல்லை L-ஐ நெருங்கினால், aₙ/bₙ-உம் அதே L-ஐ நெருங்கும். நிபந்தனை முழுக்கப் பகுதியின் மேல்தான். தொகுதி முடிவிலிக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டியதே இல்லை. விரிவாக எழுதும் விடையில் "bₙ ஏறுமுகம், வரம்பற்றது" என்ற வரியை விட்டுவிடாதீர்கள்.

ஒரு கணக்கு: (1 + √2 + … + √n)/(n√n). தொகுதியின் வித்தியாசம் √(n+1). பகுதியின் வித்தியாசம் (n+1)^(3/2) − n^(3/2). பலர் திணறுவது இங்கேதான். (n+1)^(3/2) + n^(3/2) என்ற இணையால் பெருக்கி வகுத்தால், மேலே (n+1)³ − n³ = 3n² + 3n + 1 வந்துவிடும். ஆக மொத்த விகிதம்

√(n+1)·[(n+1)^(3/2) + n^(3/2)] / (3n² + 3n + 1)

மேலே முதன்மை உறுப்பு 2n², கீழே 3n². விடை 2/3.

அடுத்தது கொஞ்சம் நுட்பமானது: (1² + 2² + … + n²)/n² − n/3. முதல் பின்னத்துக்கு மட்டும் தேற்றத்தைப் போட்டால் முடிவிலிதான் வரும். அதிலிருந்து n/3-ஐக் கழித்தால் முடிவிலி கழித்தல் முடிவிலி, ஒன்றும் சொல்ல முடியாது. எனவே முதலில் ஒரே பின்னமாக்குங்கள்: (3Sₙ − n³)/(3n²), இதில் Sₙ அந்த வர்க்கங்களின் கூட்டல். தொகுதியின் வித்தியாசம் 3(n+1)² − (3n² + 3n + 1) = 3n + 2. பகுதியின் வித்தியாசம் 6n + 3. எல்லை 1/2. கூட்டல் சூத்திரம் தெரிந்தவர்கள் அதைப் போட்டும் சரிபார்க்கலாம். ஆனால் வர்க்கத்துக்குப் பதில் ஏழாம் அடுக்கு வந்தால் சூத்திரம் யாருக்கு நினைவிருக்கும்? இந்த வழியோ அப்போதும் அப்படியே நடக்கும்.

அப்புறம், கொள்குறி வினாக்களில் வைக்கும் பொறி ஒன்று உண்டு. தேற்றம் ஒருவழிப் பாதை. aₙ = n + (−1)ⁿ, bₙ = n என்று எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசங்களின் விகிதம் 1 − 2(−1)ⁿ, அதாவது 3, −1 என்று மாறி மாறி வரும். அதற்கு எல்லை இல்லை. ஆனால் aₙ/bₙ = 1 + (−1)ⁿ/n, இதன் எல்லை 1. ஆகவே வித்தியாச விகிதம் அலைபாய்ந்தால் "எல்லை இல்லை" என்ற விடையைக் குறித்துவிடாதீர்கள். அங்கே தேற்றம் எதுவுமே சொல்லவில்லை. மூல விகிதத்துக்குத் திரும்பி, அலையும் உறுப்பைத் தனியே பிரித்து, அது பூச்சியத்துக்குப் போகிறதா என்று பாருங்கள்.