ஓடிபி யாருக்குப் போகிறது?

அந்த மெயிலைத் திரும்ப எடுத்துப் படித்தால் தப்பே தெரியவில்லை. அதுதான் உறுத்துகிறது.

கோத்தகிரியில் டீத்தூள் மொத்த வியாபாரம் செய்பவர். வேறொரு கணக்காளரை விட்டுவிட்டு ஜிஎஸ்டி வேலைக்கு எங்களிடம் வந்தார். புதியவர்களுக்கு அனுப்பும் வரவேற்பு மெயிலை 2-ம் தேதி அவருக்கும் அனுப்பினேன். பில்களை யாரிடம் தருவது, சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது, முதல் மாதம் 11-க்குள் விற்பனை பில்களின் விவரமான GSTR-1, 20-க்குள் வரி கட்டும் GSTR-3B. நடுவில் ஒரு வரி: "ஜிஎஸ்டியில் பதிவான மொபைல் எண்ணைத் தெரிவிக்கவும்." அன்றே பத்து இலக்கம் வந்தது.

11-ம் தேதி மாலை தாக்கல் செய்ய உட்கார்ந்து ஓடிபி கேட்டேன்.

"வரலையே சார்."

நல்ல மழை. சிக்னல் போயிருக்கும் என்று மூன்று முறை அனுப்பினேன். ஏழு மணிக்குத்தான் உறைத்தது. பதிவில் இருந்த எண்ணும் மெயிலும் பழைய கணக்காளருடையவை. கடை தொடங்கும்போது பதிவு செய்து கொடுத்தவர் தன்னுடையதையே போட்டுவிட்டிருக்கிறார்.

"பதிவான நம்பர்னுதானேண்ணா கேட்டேன்?"

"எனக்கு இருக்கறதே ஒரு நம்பர்தான் சார்."

எண்ணை மாற்றவும் அந்தப் பழைய எண்ணுக்கே ஓடிபி போகும். பழையவர் போன் எடுக்கவில்லை. ஃபீஸ் பாக்கி இருந்தது என்று பிறகு தெரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தால் எடுத்திருப்பேனா என்பதும் சந்தேகம்தான். கடைசியில் வரி அதிகாரியிடம் அடையாளச் சான்றும் கடைக்கான ஆவணங்களும் கொடுத்து, அவர் புதிய எண்ணை ஏற்றி, 17-ம் தேதி தாக்கல் ஆனது. தாமதக் கட்டணம் பெரிதல்ல. ஆனால் சரக்கு வாங்குபவர் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளப் பார்க்கும் பட்டியல் GSTR-2B. 14-ம் தேதி உருவாகும் அதில் இவருடைய பில்கள் இல்லாததால், கோயம்புத்தூரில் சரக்கு வாங்குபவர் வரித் தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டார். அடுத்த மாதப் பட்டியலில் வந்த பிறகுதான் கொடுத்தார். அவர் செய்ததில் தப்பில்லை. பேச்சு வாங்கியது என் வாடிக்கையாளர்.

கேள்வி சரியாகத்தான் இருந்தது என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஜிஎஸ்டி தளத்தில் யூசர்நேமைப் போட்டு 'Forgot Password' அழுத்தினால் ஓடிபி யார் கைக்குப் போகிறது என்று இரண்டே நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதோடு நிறுத்திக்கொண்டால் பழைய பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. வந்ததும் வராததுமாக, பெரியவர் ஒருவரைப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கச் சொல்வது நன்றாக இருக்காது என்று விட்டேன். இல்லை, சோம்பலாகவும் இருக்கலாம்.

இப்போது மெயிலில் முதல் வரியே அந்தச் சோதனைதான். போன வாரம் ஒருவர் அதற்கு "ஓகே சார்" என்று மட்டும் பதில் போட்டார். செய்தாரா என்று தெரியவில்லை, கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

கோத்தகிரிக்காரர் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறார். மாதா மாதம் ஓடிபியைப் படித்துவிட்டு, "என் நம்பருக்குத்தான் வந்திருக்கு சார்" என்று சேர்த்துச் சொல்கிறார். கிண்டலா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.