நம்பிக்கை மையத்தில் நான் சொன்ன பொய்

2022 ஜூன் மாதம், சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில், பரிசோதனைக்கு முன்னால் ஆலோசகர் கேட்ட கேள்விகளுள் ஒன்றுக்கு நான் பொய் சொன்னேன். உடலுறவு யாருடன் என்று அவர் கேட்டார். பெண்களுடன் என்றேன். அவர் எதுவும் பேசாமல் குறித்துக்கொண்டு, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினார். அப்போது எனக்கு வயது 29. ஆண்களிடம் மட்டுமே எனக்கு ஈர்ப்பு உண்டு என்பதை நான் பன்னிரண்டு ஆண்டுகளாக அறிந்திருந்தேன். மூன்று ஆண்டுகளாக ஒருவருடன் வாழ்ந்தும் வந்தேன்.

அந்த அறைக்குள் நுழைவதற்கே எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. 2020இல் ஒரு வாரம் கடுமையான காய்ச்சலும் மார்பில் தடிப்புகளும் வந்து, கழுத்தில் நெறி கட்டியபோதே சந்தேகம் எழுந்தது. ஆனால் தொற்று உண்டு என்று தெரிந்துவிட்டால் அடுத்து வரப்போகும் கேள்வி எது என்பதும் எனக்குத் தெரியும்: ‘எப்படி வந்தது?’ எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒருவன் பெண்களைத் தேடிப் போய் நோய் வாங்கிவந்தான் என்றால் திட்டிவிட்டு வயதுக் கோளாறு என்று விட்டுவிடுவார்கள். ஆணுடன் இருந்ததால் வந்தது என்றால் அவன் வீட்டில் கல்யாணப் பேச்சே நின்றுபோகும், தங்கைக்கும் சேர்த்து. தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று நீக்கிவிட்டது. ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்தத் தீர்ப்பு இன்னும் வாசிக்கப்படவில்லை. பரிசோதனைக்குப் போவதென்றால் இரண்டு ரகசியங்களை ஒரே முடிச்சில் கட்டி ஒரு அந்நியர் கையில் கொடுப்பதாக எனக்குத் தோன்றியது. நோயை நினைத்து நான் பயந்ததைவிட அந்த முடிச்சை நினைத்துப் பயந்ததே அதிகம்.

முடிவு அன்றே தெரிந்தது. முதல் சோதனையில் எதிர்வினை இருந்தால் அதை மட்டும் வைத்து யாருக்கும் எச்.ஐ.வி. என்று சொல்வதில்லை. வேறு முறையில் இயங்கும் இன்னும் இரண்டு சோதனைகளைச் செய்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் உறுதி செய்கிறார்கள். எனக்கு மூன்றும் ஒத்துப்போயின. ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு, “தம்பி, இதுக்கு மருந்து இருக்கு. தினம் ஒரு மாத்திரை. இன்னிக்கே உங்களை அந்த மருந்து கொடுக்கிற ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புறேன்” என்றார். அதன் பிறகு, அந்தப் பெண்ணையும் சோதனைக்கு அழைத்துவர முடியுமா என்று கேட்டார். இல்லாத ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோதனைக்கு வரவேண்டியவர் வீட்டில் எனக்காகச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

ஏ.ஆர்.டி. மையத்தில் முதல் வாரம் முழுவதும் பரிசோதனைகள்தாம்: எச்.ஐ.வி. அழிக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களான சிடி4 அணுக்களின் எண்ணிக்கை, சிறுநீரகம், கல்லீரல், மஞ்சள் காமாலை பி மற்றும் சி, சிபிலிஸ், காசநோய் அறிகுறிகள். மஞ்சள் காமாலை பி உண்டா என்று பார்ப்பது முக்கியம், ஏனெனில் எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் மருந்துகளில் இரண்டு அந்த வைரஸையும் அடக்கிவைக்கும், பிறகு திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். எனக்கு அது இல்லை. சிடி4 312 என்று வந்தது. அது 350க்குக் கீழ் இருந்ததால் வேறு தொற்றுகள் வராமல் தடுக்கக் கூடுதலாக ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். முன்பெல்லாம் சிடி4 ஒரு அளவுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்துதான் சிகிச்சை தொடங்குவார்கள். 2017 முதல், தொற்று உறுதியான எல்லோருக்கும் எண்ணிக்கையைப் பார்க்காமலேயே தொடங்குகிறார்கள். ஆறாம் நாள் எனக்கு டி.எல்.டி. குப்பி கையில் வந்தது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்று மருந்துகளும் சேர்ந்த ஒரே மாத்திரை, ஒரு குப்பியில் முப்பது. எல்லாமே இலவசம்.

மூன்றாம் வாரம் நான் ஆலோசகரிடம் திரும்பிச் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. பழைய பதிவைத் திருத்திவிட்டு, “அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். அன்றிரவு சொன்னேன். என் துணைவர் வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னுடனேயே வந்தார். அவருக்குத் தொற்று இல்லை என்று வந்தது. ஆனால் தொற்றிய பிறகு சோதனையில் தெரியச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் மூன்று மாதம் கழித்து மீண்டும் வரச் சொன்னார்கள். அதுவரையிலும் அதற்குப் பிறகும் ஆணுறை பயன்படுத்தினோம். செப்டம்பரிலும் இல்லை என்றே வந்தது. நான் பொய்யையே பிடித்துக்கொண்டிருந்திருந்தால் அவருக்கு அந்த இரண்டு சோதனைகளும் நடந்திருக்காது. களங்கம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுகிற வழியை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன்.

ஆனால் நான் முழுவதும் திருந்திவிடவில்லை. குப்பியை அசைத்தால் மாத்திரைகள் கலகலவென்று ஓசை எழுப்பும். அலுவலகப் பையில் அந்த ஓசை கேட்காமலிருக்கப் பஞ்சைத் திணித்தேன். குப்பியின் மேலிருந்த தாளை வெந்நீரில் ஊறவைத்து உரித்தெடுத்து, சத்து மாத்திரை என்று எழுதி ஒட்டினேன். அந்த ஆண்டு கார்த்திகையில் தங்கையின் திருமணத்துக்காக மூன்று வாரம் ஊரில் இருந்தபோது, வீடு நிறைய உறவினர்கள், ஒரே அறையில் ஆறு பேர் படுக்கை. அம்மா என் பையிலிருந்து துணிகளை எடுத்து மடித்துவைக்கத் தொடங்கிய அன்று குப்பியை வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அதன் பின் பதினான்கு நாட்கள் அதை எடுக்கவே இல்லை. சென்னைக்குத் திரும்பியதும் மிஞ்சிய பதினான்கு மாத்திரைகளையும் எண்ணிக் குப்பையில் போட்டேன், ஏனெனில் மையத்தில் குப்பியைக் கொண்டுவரச் சொல்லி மீதியை எண்ணிப் பார்ப்பார்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தது. இரத்தம்தான் உண்மையைச் சொல்லிவிட்டது. சிகிச்சை தொடங்கி ஆறாம் மாதம் முதன்முதலாக வைரஸ் அளவுப் பரிசோதனை எடுப்பார்கள். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் வைரஸின் எத்தனை பிரதிகள் உள்ளன என்று அது காட்டும். ஊரிலிருந்து திரும்பிய நான்காம் நாள் எடுத்த எனக்கு 2,340 என்று வந்தது. ஆயிரத்தைத் தாண்டினால் மருந்து வேலை செய்யவில்லையோ என்று யோசிப்பார்கள். ஆனால் உடனே மருந்தை மாற்றிவிடமாட்டார்கள். ஏன் மாத்திரை தவறியது என்று கண்டுபிடிக்க முதலில் தொடர்ச்சியாக ஆலோசனை தருவார்கள், பிறகு மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிப்பார்கள். மையத்தின் மருத்துவர் என்னைத் திட்டவில்லை. மாத்திரையை எங்கே வைத்திருக்கிறீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், அப்போது அறையில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வைக்கோல் போரைப் பற்றி அவரிடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. டோலுடெக்ராவிரை எதிர்க்கும் திறனை வைரஸ் அவ்வளவு எளிதாகப் பெறுவதில்லை, ஆகவே ஒழுங்காகத் தொடர்ந்தால் பெரும்பாலும் இதே மருந்திலேயே அடங்கிவிடும் என்றார். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளையோ நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிட் மருந்தையோ இதோடு ஒன்றாக விழுங்கினால் மருந்து உடலில் சரியாகச் சேராது என்றும் எச்சரித்தார். நான் செய்துகொண்ட ஏற்பாடு மிகவும் எளியது. இரவு ஒன்பது மணிக்கு என் துணைவரின் கைப்பேசியிலும் அலாரம் வைத்தோம்.

2023 மார்ச்சில் வந்த அறிக்கையில் எண்ணே இல்லை. ‘டார்கெட் நாட் டிடெக்டட்’, அதாவது வைரஸ் கண்டறியப்படவில்லை என்று அச்சிட்டிருந்தது. வைரஸ் உடலை விட்டுப் போய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. அது சில அணுக்களுக்குள் உறங்கிக்கொண்டுதான் இருக்கும், மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் திரும்பிவிடும். ஆனால் இரத்தத்தில் அளவு 200 பிரதிகளுக்குக் கீழே நிலையாக இருக்கும் ஒருவரிடமிருந்து உடலுறவின் வழியாகத் தொற்று பரவுவதில்லை. இதை அந்த மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். ஐரோப்பாவில் 14 நாடுகளில் நடந்து 2019இல் வெளியான பார்ட்னர் 2 ஆய்வில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள 782 ஆண் இணையர்களைப் பின்தொடர்ந்தார்கள். சிகிச்சையால் வைரஸ் அடங்கிய நிலையில், ஆணுறையில்லாமல் சுமார் 76,000 முறை உறவு நிகழ்ந்தும், துணைவரிடமிருந்து தொற்றியதாக ஒன்றுகூடக் காணப்படவில்லை. அந்தக் காலத்தில் 15 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது. ஆனால் மரபணுவை ஒப்பிட்டபோது அந்த வைரஸ்கள் துணைவருடையவை அல்ல என்று தெரிந்தது. கேட்டுக்கொண்டிருந்த என் துணைவர், “ஆண்களை வைத்தே பார்த்திருக்கிறார்களா?” என்று இரண்டு முறை கேட்டார். எங்களைப் போன்றவர்களைத் தனியாக எண்ணிப் பார்த்த ஒரு கணக்கு இருக்கிறது என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது. மேலும் ஆறு மாதம் அளவு அப்படியே நிலைத்த பிறகு ஆணுறை வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தோம். வைரஸ் அடங்கியிருப்பது சிபிலிஸையோ கொனோரியாவையோ தடுக்காது என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவற்றுக்கான சோதனையை மட்டும் இருவரும் விடுவதில்லை.

தன்பால் ஈர்ப்புள்ள நம் சமூகத்துக்குள் உள்ள களங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதுதான் என்னை அதிகம் காயப்படுத்தியது. சந்திப்புச் செயலிகளில் தொற்று இல்லைதானே என்ற பொருளில் முதல் செய்தியிலேயே ‘க்ளீனா?’ என்று கேட்கும் வழக்கம் இருக்கிறது. ஆம் என்று சொல்பவர்களில் பலர் கடைசியாகச் சோதித்த நாளைச் சொல்வதில்லை. சிலர் சோதித்ததே இல்லை. நானும் 2020க்கும் 2022க்கும் இடையில் சோதிக்காமலேயே ‘க்ளீன்’ என்று எழுதியவன். என்னால் யாருக்கேனும் ஆபத்து இருந்ததென்றால் அது அந்த இரண்டு ஆண்டுகளில்தான். இப்போது உண்மையைச் சொன்னால் உடனே தடுத்துவிடுகிறார்கள் என்று மையத்தில் காத்திருக்கும் தம்பிகள் சொல்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாக ‘கடைசியாக எப்போது சோதித்தாய்?’ என்று கேட்டால் இருவருக்கும் பயன் உண்டு.

2024இல் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் படிவத்தில் எச்.ஐ.வி. என்று எழுதியதும், பல்லைப் பிடுங்காமல் ‘அப்புறம் வாருங்கள்’ என்று மூன்று முறை அனுப்பினார்கள். அதைக் காரணமாக வைத்துச் சிகிச்சை மறுப்பதை, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் தடைசெய்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனையில் இதற்கென ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும். இது சிறிய இடம்; புகார் கொடுக்க அங்கே யாரும் இல்லை. 1097 என்ற இலவச உதவி எண்ணில் பேசியபோது ஓர் அரசு மருத்துவமனையைச் சொன்னார்கள். அங்கே ஒரே நாளில் பல்லைப் பிடுங்கி அனுப்பினார்கள்.

குப்பி இப்போது எங்கள் சமையலறை அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், தாளை உரிக்காமல் இருக்கிறது. அம்மா சென்னைக்கு வரும் நாட்களில் மட்டும் அது என் அலுவலகப் பைக்குள் போகிறது, பஞ்சு இல்லாமல். ஒன்பது மணிக்கு இரண்டு கைப்பேசிகளும் ஒன்றாக ஒலிக்கும்போது, “அப்படி என்னடா ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல அலாரம்?” என்று அவர் கேட்கிறார்.