F: டிரைவ் G: ஆனது, ஆல்பம் ஃபோல்டர் காலியானது

கிளவுடில் சிங்க் ஆகும் ஃபோல்டரை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். எங்கள் ஸ்டுடியோ லேப்டாப்பில் இருப்பது 256 ஜிபி. நாலு கல்யாணம் எடுத்தால் நிரம்பிவிடும். அதனால் சிங்க் ஃபோல்டர் முழுவதும் யூஎஸ்பி டிஸ்க்கில், F:\Albums என்ற இடத்தில் இருந்தது. கோயம்புத்தூரில் ஆல்பம் டிசைன் செய்யும் தம்பிக்கும் அதே ஃபோல்டர் ஷேர். ரொம்ப நாள் பிரச்சினையே இல்லை.

ஒரு காலையில் கஸ்டமர் கொண்டுவந்த பென் டிரைவைக் கடைப்பையன் முதலில் செருகிவிட்டான். காலியாக இருந்த F: அதற்குப் போய்விட்டது. பின்னால் செருகிய எங்கள் டிஸ்க்குக்குக் கிடைத்தது G:. டிரைவ் எழுத்தை விண்டோஸ்தான் கொடுக்கிறது. எந்த டிஸ்க்குக்கு எது என்று அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் அந்த நேரத்தில் அந்த எழுத்து வேறு ஒருவர் கையில் இருந்தால், அடுத்த காலி எழுத்தைத் தூக்கிக் கொடுத்துவிடும். சிங்க் மென்பொருளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அது F:\Albums-ஐத் தேடிப் பார்த்தது, இல்லை. 'ஃபோல்டரைக் காணவில்லை' என்று சொல்லி, புதிதாக அமைக்கட்டுமா, வெளியேறட்டுமா என்று கேட்டது.

இந்த இடத்தில் அழுத்த வேண்டியது 'வெளியேறு' மட்டும்தான். பையன் மற்றதை அழுத்திவிட்டான், அவனைக் குறை சொல்ல முடியாது; பெரிய நீலப் பட்டன் அதுதான். மென்பொருள் C: டிரைவில் புது Albums ஃபோல்டர் போட்டு, கிளவுடில் இருந்ததையெல்லாம் முதலிலிருந்து இறக்க ஆரம்பித்தது. மதியத்துக்குள் C: சிவப்பாகிவிட்டது, போட்டோஷாப் திறக்கவில்லை.

அப்புறம்தான் உதவி சாட். அரை மணி நேரம் காத்திருந்து ஓர் ஆள் கிடைத்தார். நிலைமையைச் சொன்னேன். "C: டிரைவில் புதிதாக வந்த ஃபோல்டரை டெலீட் செய்துவிட்டு, மென்பொருளை அன்இன்ஸ்டால் பண்ணி மறுபடி போடுங்கள் சார்" என்றார். முதலில் அக்கவுண்ட்டை இந்தக் கணினியிலிருந்து பிரிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொன்ன வரிசையிலேயே செய்தோம். கொஞ்ச நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து போன்: "அண்ணே, ஃபோல்டர்ல பாதிப் படத்தைக் காணோம், ஒவ்வொண்ணா மறையுது."

நடந்தது இதுதான். அந்த நேரத்தில் மென்பொருள் கண்ணுக்கு உண்மையான ஃபோல்டர் C:-இல் இருந்த புதியதுதான். அதில் அழித்தால், நீங்கள் வேண்டுமென்றே அழித்ததாக எடுத்துக்கொண்டு கிளவுடிலும் அழிக்கும். யாருக்கு ஷேர் செய்தீர்களோ அவர் கணினியிலும் அழிக்கும். G:-இல் அசல் பத்திரமாக இருந்தாலும், அதற்கும் சிங்க்குக்கும் அப்போது சம்பந்தமே இல்லை. ஆக, இடம் காலி செய்யும் அவசரத்தில் புது ஃபோல்டரில் கை வைக்காதீர்கள். முதலில் அக்கவுண்ட்டைப் பிரித்துவிடுங்கள், பிறகு மென்பொருளை மூடுங்கள், அதற்கு அப்புறம்தான் டெலீட்.

படங்கள் திரும்பி வந்தன. இணையதளத்தில் லாகின் செய்து, குப்பைத்தொட்டியில் அன்றைய தேதிக்கு வடிகட்டி, மொத்தமாக ரீஸ்டோர் கொடுத்தோம். பெரும்பாலான சேவைகளில் அழித்த கோப்பு 30 நாள் போல அங்கே கிடக்கும். ஒரு மாதம் யாரும் பார்க்காத பழைய ஆல்பமாக இருந்திருந்தால் சத்தமில்லாமல் போயிருக்கும். எங்கள் நல்ல நேரம், தம்பி அந்த ஃபோல்டரைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தான்.

சரி, நிரந்தரத் தீர்வு. உதவிக்கு வருபவர்கள் எல்லோரும் சிங்க் செட்டிங்கைப் புது எழுத்துக்கு மாற்றச் சொல்கிறார்கள். அது வேண்டாம், நாளைக்கு மறுபடி எழுத்து மாறும். டிஸ்க்குக்கு எழுத்தைக் கட்டிப்போடுங்கள். விண்டோஸ் கீ, R இரண்டையும் சேர்த்து அழுத்தி `diskmgmt.msc` என்று தட்டினால் எல்லா டிஸ்க்கும் வரும். உங்கள் பார்ட்டிஷன் மேல் ரைட் கிளிக், Change Drive Letter and Paths, அதில் Change. D:, E:, F: பக்கம் போகாதீர்கள், புதிதாகச் செருகும் எதுவும் முதலில் அங்கேதான் உட்காரும். நாங்கள் S: கொடுத்தோம். Z: பக்கமும் வேண்டாம், ஆபீஸ் நெட்வொர்க் டிரைவ்களைப் பலர் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். இந்த ஏற்பாடு அந்த ஒரு கணினிக்கு மட்டும்தான் செல்லும். வேறு லேப்டாப்பில் செருகினால் அங்கேயும் தனியாகச் செய்ய வேண்டும்.

பிறகு அக்கவுண்ட்டை மறுபடி இணைத்து, S:\Albums-ஐக் காட்டினோம். ஏற்கெனவே இருக்கும் கோப்புகளோடு ஒன்றாக்கட்டுமா என்று கேட்டது, ஆம் என்றோம். இரவு முழுக்க ஒவ்வொரு கோப்பையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. இறக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை, பயந்து நிறுத்திவிடாதீர்கள். இடையில் தம்பி திருத்திய சில பக்கங்கள் மட்டும் இரண்டு பிரதியாக வந்தன.

எழுத்து நிலையானாலும், டிஸ்க்கைச் செருகாமல் லேப்டாப்பை ஆன் செய்தால் அதே நீலப் பட்டன் வரும். அதனால் சிங்க் மென்பொருளை ஸ்டார்ட்அப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, டெஸ்க்டாப்பில் ஒரு சின்ன பேட்ச் ஃபைல் வைத்தோம். அடையாளமாக டிஸ்க்கின் Albums ஃபோல்டருக்குள் `ok.txt` என்று ஒரு வெற்றுக் கோப்பு. அது கண்ணில் பட்டால்தான் மென்பொருள் திறக்கும்.

```
@echo off
if exist "S:\Albums\ok.txt" (
  start "" "C:\Sync\client.exe"
) else (
  echo S: illai. Disk-ai serugavum.
  pause
)
```

நடுவில் இருக்கும் பாதையை உங்கள் மென்பொருள் இருக்கும் இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கழற்றும்போது வேறு தலைவலி. Safely Remove கொடுத்தால் 'இந்தச் சாதனம் பயன்பாட்டில் உள்ளது' என்று பிடிவாதம் பிடிக்கும். யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று Event Viewer-இல் Windows Logs, System பகுதியில் பார்க்கலாம். Kernel-PnP என்ற பெயரில் 225 எண்ணுள்ள பதிவில் அந்த மென்பொருளின் பெயரே இருக்கும். எங்களுக்கு அங்கே இருந்தது சிங்க் மென்பொருள்தான். அதை மூடியதும் டிஸ்க் சத்தமில்லாமல் கழன்றது. வெறுப்பில் பிடுங்கிவிடாதீர்கள். சிங்க் ஓடும்போது டிஸ்க் மறைந்தால், டிஸ்க்கே போய்விட்டது என்று மென்பொருள் புரிந்துகொள்வதற்குள் சில கோப்புகளை 'அழிக்கப்பட்டவை' என்று கணக்கு எழுதிவிட வாய்ப்பு உண்டு. மேலே சொன்ன பேட்ச் ஃபைல் இதைத் தடுக்காது, அது பார்ப்பது ஆரம்பத்தில் ஒரு முறைதான். கேபிளில் கால் இடறும் விபத்துக்கு ஸ்கிரிப்ட் கிடையாது. எங்கள் டிஸ்க் இப்போது யூஎஸ்பி ஹப்பில் இல்லை; லேப்டாப்பில் நேரடியாகச் செருகி, மேசைக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. கஸ்டமர் பென் டிரைவ்களுக்கு வேறு போர்ட்.