வாடகை பாக்கி நோட்டீஸ்: சித்தூர் பக்கத்துக் கணக்கு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் கோபாலபுரத்திலும் கட்டிடம் வைத்திருக்கும் தமிழர்கள் பலருக்குப் பொள்ளாச்சிதான் கைக்கெட்டும் நகரம். கடை பேசுவது, பத்திரம் எழுதுவது, வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது எல்லாமே அங்கே தெரிந்தவர் மூலமாக நடந்துவிடும். வாடகை பாக்கி விஷயத்தில் மட்டும் இந்தப் பழக்கம் காலை வாரும். கட்டிடம் எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அந்த மாநிலச் சட்டம்தான் செல்லும். உரிமையாளர் எங்கே குடியிருக்கிறார், ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது.

தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பாக்கியைக் காட்டி வாடகைதாரரைக் காலி செய்ய வைக்க இரண்டு மாத வாடகை நிலுவையில் இருக்க வேண்டும். கேட்பு நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் அது கட்டப்படாமல் இருக்க வேண்டும். கேரளத்தில் இன்னும் 1965-ம் ஆண்டின் கட்டிட (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம்தான். அதன் 11(2)(பி) பிரிவில் 'இரண்டு மாதம்' என்ற நிபந்தனையே கிடையாது. ஒரே ஒரு மாத வாடகை தவறினாலும் போதும். நோட்டீஸ் கெடு 15 நாள். பொள்ளாச்சி மாதிரியைப் பார்த்து எழுதிய நோட்டீஸ் சித்தூர் நீதிமன்றத்துக்கு வரும்போது 'ஒரு மாதத்துக்குள் காலி செய்யவும்' என்று இருக்கும். பாக்கி எவ்வளவு, எந்த மாதத்துக்கு என்பது இருக்காது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைப்பது அங்கேதான்.

ஏனென்றால் கேரளச் சட்டம் கேட்கிற நோட்டீஸ் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் அல்ல, பணம் கேட்கும் நோட்டீஸ். வாடகை தவறியதைப் பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும். வாடகைதாரர் அதைப் பெற்ற நாளிலிருந்து, அல்லது வாங்க மறுத்த நாளிலிருந்து, 15 நாளுக்குள் வாடகையையும் அதற்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையும் நோட்டீஸ் அனுப்பிய தபால் செலவையும் கொடுக்காமல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகே இந்தக் காரணத்தைச் சொல்லி வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் மனு போட முடியும். இந்தச் சட்டத்தின் கீழ் மனு போட, குத்தகையை முடித்துக்கொள்கிறேன் என்ற தனி நோட்டீஸ் வேண்டியதில்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-வது பிரிவு நோட்டீஸ் வாடகைக் கட்டுப்பாட்டு வழக்குகளுக்குத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1979-லேயே தனபால் செட்டியார் வழக்கில் சொல்லிவிட்டது.

இதில் ஆட்கள் அதிகம் சறுக்குவது, வாடகை எப்போது 'தவறியது' ஆகிறது என்பதில். ஒப்பந்தத்தில் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகு 15 நாள் கழிய வேண்டும். தேதி எதுவும் குறிக்காத ஒப்பந்தம், அல்லது வாய்ப்பேச்சு என்றால், ஒரு மாத வாடகையை அடுத்த மாதத்தின் கடைசி நாள் வரை கட்டலாம்.

ஒரு கடைமுறியை வைத்துக் கணக்குப் பார்ப்போம். மாத வாடகை 6,000 ரூபாய். ஒவ்வொரு மாத வாடகையையும் அடுத்த மாதம் 5-ம் தேதிக்குள் தர வேண்டும் என்று ஒப்பந்தம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் வரவில்லை. ஏப்ரல் 10-ம் தேதி உரிமையாளர் பொறுமை இழந்து மூன்று மாதத்துக்கும் சேர்த்து 18,000 கேட்டு நோட்டீஸ் விடுகிறார். ஜனவரி வாடகைக்குக் கெடு பிப்ரவரி 5, கூடுதல் 15 நாளும் சேர்த்தால் பிப்ரவரி 20. பிப்ரவரி வாடகைக்கு மார்ச் 20. இந்த இரண்டும் சட்டப்படி தவறியவை. மார்ச் வாடகைக்கான 15 நாள் ஏப்ரல் 20-ல்தான் முடியும். 10-ம் தேதி நோட்டீஸில் அதைத் தவறிய வாடகை என்று எழுதினால் அந்த வரி பொய்யாகிவிடும். இரண்டு மாதத்துக்கு மட்டும் நோட்டீஸ் கொடுத்தாலே மனுவுக்குப் போதும். மூன்றும் வேண்டுமென்றால் ஏப்ரல் 21 வரை பொறுக்க வேண்டும். பதினோரு நாள் அவசரத்துக்காக ஒரு வாதத்தை எதிரிக்கு இலவசமாகக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

ஏப்ரல் 22-ல் நோட்டீஸ் போகிறது என்று கொள்வோம். 6,000 ரூபாய்க்கு 6 சதவீத வட்டி ஆண்டுக்கு 360. நாளுக்கு ஒரு ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. ஜனவரி வாடகை பிப்ரவரி 5-லிருந்து 76 நாள் நிற்கிறது, வட்டி 75 ரூபாய். பிப்ரவரி வாடகைக்கு 48 நாள், 47 ரூபாய். மார்ச் வாடகைக்கு 17 நாள், 17 ரூபாய். மொத்தம் 139 ரூபாய். பதினெட்டாயிரத்துக்கு இவ்வளவுதானா என்று உரிமையாளர் முகம் சுளிப்பார். ஒப்பந்தத்தில் 18 சதவீதம் எழுதியிருக்கிறதே என்பார். அதை வேறு வழியில் கேட்கலாமோ என்னவோ, இந்த நோட்டீஸில் 15 நாளுக்குள் கட்டவேண்டிய தொகையாகச் சட்டம் சொல்லும் வட்டி 6 சதவீதம்தான். வக்கீல் கட்டணமும் அந்தத் தொகையில் சேராது. 'நோட்டீஸ் செலவு 2,000' என்று போடுவது வழக்கமாகிவிட்டது. சட்டம் சொல்வதோ தபால் செலவு மட்டும். வாடகைதாரர் 18,139 ரூபாயும் தபால் செலவும் கொண்டுவந்து நீட்டி, உரிமையாளர் 2,000-மும் வேண்டும் என்று திருப்பி அனுப்பினால், மனுவுக்கான காரணமே கரைந்துவிடும். அதனால் நோட்டீஸில் மாதம், தொகை, கெடு தேதி, வட்டி, தபால் செலவு எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுதுவதே நல்லது. கட்டும் நாள் வரை வட்டி ஓடும் என்பதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும்.

இந்த நோட்டீஸ் ஏப்ரல் 25-ல் கைக்குக் கிடைத்தால், அந்த நாளை விட்டு எண்ணி, 15-வது நாள் மே 10. மனு மே 11-லோ அதற்குப் பிறகோதான். ஒரு நாள் முந்திப் போட்ட மனுவைக் காப்பாற்றப் பின்னால் எவ்வளவு உழைத்தாலும் பலன் நிச்சயமில்லை. நடுவே மே 5-ல் வாடகைதாரர் ஜிபேயில் 6,000 அனுப்புவார். குறிப்பில் 'ஏப்ரல் வாடகை' என்று எழுதியிருந்தால் அதை ஏப்ரலுக்கே வரவு வைக்க வேண்டும். எதுவும் எழுதாமல், எந்த மாதத்துக்கு என்று வேறு அறிகுறியும் இல்லாமல் வந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 60-வது பிரிவுப்படி பழைய பாக்கியில் கழிக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. இரண்டில் எது என்பதை அன்றைக்கே ஒரு செய்தியாக அனுப்பி வைத்தால் சாட்சிக் கூண்டில் திணற வேண்டியதில்லை. பணத்தை வாங்கவே மறுப்பதுதான் மோசமான யோசனை. வாங்காமல் விட்டால் பாக்கி ஏறும், காலி செய்ய வைக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வாடகைதாரர் உரிய காலத்தில் பணத்தை நீட்டியதை நிரூபித்துவிட்டால் அது தவறிய வாடகையே அல்ல. மணியார்டர் திரும்பி வந்த சீட்டு ஒன்று போதும் அவருக்கு.

முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்பது வாடகைதாரர்களின் நிரந்தரப் பதில். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்காமல் இதற்கு மறுமொழி எழுதக் கூடாது. காலி செய்யும்போது திருப்பித் தரப்படும் என்று இருந்தால் உரிமையாளருக்கு ஒரு வாதம் உண்டு. பாக்கியில் சரிக்கட்டலாம் என்று இருந்தால் நோட்டீஸே ஆட்டம் காணும்.

தபாலுக்கு வருவோம். அஞ்சல்துறை 2025-ல் பதிவுத் தபாலைத் தனிச் சேவையாக வைத்திருப்பதை விட்டு விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டது. சும்மா விரைவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தால் 'பதிவு நோட்டீஸ்' எங்கே என்ற கேள்வி வரலாம். கவுண்டரில் பதிவு என்ற கூடுதல் வசதியையும் டெலிவரிச் சான்றையும் கேட்டு வாங்கி, ரசீதில் அது அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகர வேண்டும். கடை முகவரிக்கு ஒன்று, வீட்டு முகவரிக்கு ஒன்று என்று இரண்டு அனுப்புவது நல்லது. கவர் திரும்பினால் பிரிக்காமல் அப்படியே வைக்க வேண்டும். மேலே தபால்காரர் எழுதியிருப்பது 'மறுத்தார்' என்றால் 15 நாள் அந்தத் தேதியிலிருந்து ஓடும். 'கதவு பூட்டியிருந்தது', 'தகவல் சொல்லியும் வாங்கவில்லை' என்றால் முகவரி சரியானது என்பதைக் காட்ட வேண்டிவரும். 'ஊரை விட்டுப் போய்விட்டார்' என்றால் புது முகவரி தேடி மறுபடி அனுப்புவதே வழி. மொழியைப் பொறுத்தவரை ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ எழுதி, தமிழ்ப் படியும் உடன் வைத்தால், 'எனக்கு வாசிக்கத் தெரியாது' என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்கவேண்டிய ஒன்று உண்டு. 1965 சட்டம் கேரளம் முழுவதும் தானாகப் பரவியது அல்ல. அரசு அறிவித்த பகுதிகளுக்குத்தான். கட்டிடம் ஒரு கிராமப் பஞ்சாயத்தில் இருந்தால் அந்த இடத்துக்குச் சட்டம் பொருந்துமா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பொருந்தாவிட்டால் வழி முழுவதும் மாறும்: 106-வது பிரிவின் கீழ் 15 நாள் கொடுத்து மாதக் குத்தகையை முடிக்கும் நோட்டீஸ், பிறகு சிவில் வழக்கு. அங்கே முடித்துக்கொள்கிறேன் என்ற சொல் கட்டாயம். இங்கே பாக்கி என்ற சொல் கட்டாயம். சந்தேகம் இருக்கும் எல்லைப் பகுதிகளில், முதல் பத்தியில் பாக்கிக் கணக்கு, அடுத்த பத்தியில் குத்தகையை முடிக்கும் வாசகம் என்று ஒரே நோட்டீஸில் இரண்டையும் எழுதிவிடுவது புத்திசாலித்தனம்.

நோட்டீஸ் சரியாக இருந்து, உத்தரவும் வந்துவிட்டது; கடை கைக்கு வந்துவிடுமா? பெரும்பாலும் வராது. 11(2)(சி) பிரிவின்படி உத்தரவு தேதியிலிருந்து ஒரு மாதம் வரை, அல்லது நீதிமன்றம் நீட்டித்துக் கொடுத்த காலம் வரை, அதை நிறைவேற்ற முடியாது. அதற்குள் வாடகைதாரர் பாக்கி, வட்டி, வழக்குச் செலவு மூன்றையும் கட்டிவிட்டால் நீதிமன்றம் அந்த உத்தரவையே ரத்து செய்ய வேண்டும். ஆகவே பணம் மட்டும் போதும் என்பவருக்கு இது நல்ல ஆயுதம். கடையே வேண்டும் என்பவர் பாக்கியை மட்டும் நம்பக் கூடாது. மகனுக்குத் தொழில் தொடங்க நிஜமாகவே இடம் தேவைப்பட்டால் 11(3), வாடகைதாரர் உரிமை இல்லாமல் வேறொருவருக்கு உள்வாடகை விட்டிருந்தால் 11(4)(i), ஆறு மாதம் தொடர்ந்து தக்க காரணமின்றிப் பூட்டிக் கிடந்தால் 11(4)(v) என்று உள்ள காரணங்களை அதே மனுவில் சேர்க்க வேண்டும். உள்வாடகைக்குத் தனி நோட்டீஸ் உண்டு. அதில் கெடு 15 அல்ல, 30 நாள். இல்லாத காரணத்தைச் சேர்ப்பது வேண்டாம். குறுக்கு விசாரணையில் அது உண்மையான பாக்கியையும் சந்தேகத்துக்கு இழுத்துவிடும்.

வழக்கு நடக்கும்போது உரிமையாளர்கள் பலர் மறந்துவிடும் பிரிவு 12. தான் ஒப்புக்கொள்கிற பாக்கியைக் கட்டாமல் வாடகைதாரர் வழக்கை எதிர்க்க முடியாது; தொடர்ந்து வரும் வாடகையையும் கட்டிக்கொண்டே வர வேண்டும். பாக்கிக்கு நீதிமன்றம் கொடுக்கும் கெடு உத்தரவிலிருந்து நான்கு வாரத்துக்குக் குறையாது. கெடு தவறி, தக்க காரணமும் காட்டாவிட்டால், மேற்கொண்டு விசாரணையை நிறுத்திவிட்டுக் கட்டிடத்தை ஒப்படைக்க உத்தரவிடும். 11(2)(சி) தரும் ஒரு மாத மீட்பு இதற்குக் கிடையாது என்பதால், கைக்குச் சாவி வருவது பல நேரம் இந்த வழியில்தான். அதற்காக மனு போட்ட கையோடு பிரிவு 12-க்கு ஒரு இடைமனுவும், மாதவாரியான பாக்கிப் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். பட்டியல் நோட்டீஸில் கொடுத்த கணக்கோடு ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போக வேண்டும். அதன் பின் வந்த மாதங்கள் மட்டும் கீழே தனியாக.