நீர்கொழும்பு: ஆணியே இல்லாத படகும் அநியாய ஆட்டோவும்

இலங்கைப் பயணத்தைச் செலவுக் கணக்கோடு எழுதுகிறேன். முதல் கணக்கே எரிச்சல்தான். விமான நிலையத்திலிருந்து நீர்கொழும்புக் கடற்கரைக்கு ஆட்டோக்காரர் கேட்ட தொகையில் இரண்டு பேர் நண்டுக்கறியோடு சாப்பிட்டிருக்கலாம். பஸ்ஸில் போங்கள். சில்லறைதான் ஆகும்.

ஆனால் கரையில் 'ஒருவ'வைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. சிங்கள மீனவர்களின் பாய்மரப் படகு அது. அடியில் குடைந்த ஒற்றை மரம். அதன் வாய் கால் நுழையும் அகலம்தான். அதன் மேல் இரு பக்கமும் பலகையை நிமிர்த்திக் கயிற்றால் தைத்து உயரமாக்குகிறார்கள். ஒரு பக்கம் மட்டும், வளைந்த இரண்டு கழிகளின் நுனியில் மிதவைக்கட்டை. அதையும் கயிற்றால்தான் கட்டியிருக்கிறார்கள்.

ஒரு பெரியவர் பழைய படகொன்றுக்குத் தையலை மாற்றிக்கொண்டிருந்தார். நல்லவேளை, தமிழ் பேசினார். அடிமரத்தின் விளிம்பிலும் பலகையின் விளிம்பிலும் நேருக்கு நேர் துளைகள். இரண்டும் சேருமிடத்தில் தேங்காய் நாரைத் திரியாக நீள வைத்து, அதன் மேலாகக் கயிற்றை ஓட்டி, காலை உதைத்து இழுத்து இறுக்குகிறார். திரி நசுங்கி இடுக்கை அடைக்கிறது. நனைந்தால் உப்பி இன்னும் இறுகும். பிறகு ஒவ்வொரு துளையிலும் மரமுளை அடிக்கிறார். ஓரிடத்தில் கயிறு அறுந்தாலும் மற்ற தையல் முளையின் பிடியில் நிற்கும், மொத்தமும் உருவிக்கொண்டு வராது.

"ஆணி அடிச்சா என்ன?" என்றேன்.

"உப்புத் தண்ணியில துரு பிடிக்கும் தம்பி. துளை பெருக்கும், பலகை போயிடும். கயிறு போனா வேற கயிறு."

அலையில் கரையேறும்போது படகு மணலில் மோதும். தையல் கொஞ்சம் நெகிழ்ந்துகொடுப்பதால் பலகை பிளப்பதில்லை. கயிறுக்கு ஆயுள் குறைவுதான். தையலுக்கடியில் விரல் நுழைந்தாலோ, இடுக்கில் ஈரம் கசிந்தாலோ பிரித்துத் தைக்க வேண்டும். தேங்காய் நார் உப்பு நீரைத் தாங்குகிற அளவுக்கு நல்ல தண்ணீரைத் தாங்காது, மழையில் ஊறிக் கிடந்தால் சீக்கிரம் மக்கிவிடும்.

மிதவை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும். அதனால் திசை மாற்ற இவர்கள் படகைத் திருப்புவதில்லை, பாயை மறுமுனைக்கு மாற்றுகிறார்கள். முன்பக்கம் பின்பக்கமாகிவிடும்! காற்று வலுத்தால் ஆட்கள் கழிமேல் நடந்துபோய் மிதவையை அழுத்துவார்கள். காற்றின் வேகத்தையே 'ஓராள் காற்று', 'ஈராள் காற்று' என்று அளந்த காலமும் உண்டு.

இதே தையலில் சரக்குக் கப்பலே கட்டியிருக்கிறார்கள். அதன் பெயர் யாத்ரா தோணி, மாலத்தீவு வரை ஓடியது. காலி நகருக்குப் பக்கத்தில், தொடந்துவ என்ற ஊரின் குமாரகந்த விகாரையில் அதன் மாதிரி இருக்கிறது. கொழும்பு கோட்டையிலிருந்து கரையோர ரயிலில் போகலாம், டிக்கெட் மலிவு. ஆட்டோக்காரர் கூப்பிட்டால் காது கேட்காததுபோல் நடந்துவிடுங்கள்.