இரண்டு குடையும் ‘லியாங் பா ஸானு’ம்

சீனாவின் செங்டு நகரில் நாங்கள் இறங்கிய மறுநாள் காலையிலேயே தூறல் பிடித்துக்கொண்டது. அம்மாவிடமும் என்னிடமும் குடை இல்லை. விடுதிக்கு எதிரே இருந்த காய்கறிச் சந்தையின் வாசலில் குடையும் செருப்பும் விற்றுக்கொண்டிருந்த பெண்மணியிடம் சென்று, புறப்படுமுன் மனப்பாடம் செய்திருந்த எண்களையும் பொருட்பெயர்களையும் சேர்த்து, “வோ யாவ் அர் ஸான்” என்றேன். ‘எனக்கு இரண்டு குடை வேண்டும்’ என்று சொல்லிவிட்டதாகவே நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், இரண்டு விரலைக் காட்டினார், பிறகு மூன்று விரலைக் காட்டினார், ஏதோ கேட்டார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். அவரும் மறுபடியும் இரண்டு, மூன்று என்று விரல்களைக் காட்டினார்.

அங்கே மருத்துவம் படிக்கும் என் சித்தி மகன் வந்து சேர்ந்த பிறகுதான் காரணம் புரிந்தது. “அக்கா, நீங்கள் ‘எனக்கு இரண்டு மூன்று வேண்டும்’ என்று சொல்லியிருக்கிறீர்கள்” என்றான். மாண்டரினில் குடைக்கும் ஸான், மூன்றுக்கும் ஸான். குடையைச் சொல்லும்போது குரல் தாழ்ந்து குழிய வேண்டும். மூன்றைச் சொல்லும்போது உயரத்தில் சமமாக நிற்க வேண்டும். ஆனால் தொனி மட்டுமே என் பிழையன்று. எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே நிற்க வேண்டிய ஒரு சொல்லை நான் விட்டுவிட்டேன். அந்தச் சொல் இருந்திருந்தால், என் தொனி எவ்வளவு பிசகியிருந்தாலும் அவருக்குக் குடை என்பது விளங்கியிருக்கும்.

தம்பி சொல்லிக்கொடுத்த சரியான தொடர் இது: “வோ யாவ் லியாங் பா ஸான்.” வோ என்பது நான், யாவ் என்பது வேண்டும். வரிசையாக எண்ணும்போதும் தொலைபேசி எண்ணைச் சொல்லும்போதும் வருகிற இரண்டு ‘அர்’. பொருள்களை இத்தனை என்று கேட்கும்போது வருகிற இரண்டு ‘லியாங்’. மிச்சமிருக்கும் ‘பா’தான் நான் விட்ட அளவைச் சொல். கையால் பற்றுதல் என்பது அதன் பழைய பொருள். பிடித்துத் தூக்கும் பொருள்களான குடை, கத்தி, நாற்காலி ஆகியவற்றை எண்ணும்போது எண்ணுக்குப் பின்னால் அது வந்தே ஆக வேண்டும். லியாங், பா, ஸான் மூன்றும் தாழ்ந்து குழியும் தொனி கொண்டவை என்பதால், சேர்த்துச் சொல்லும்போது முதல் இரண்டும் மேலேறும் தொனியாக மாறிவிடுகின்றன. இதை வாய்க்குப் பழக்க எனக்கு அந்தக் காலைப்பொழுது முழுவதும் ஆயிற்று.

விலை கேட்கும்போதும் பா விலகுவதில்லை. ‘இந்தக் குடை என்ன விலை?’ என்பது “ஜெ பா ஸான் துவோஷாவ் ச்சியன்?” ஆகிறது, ‘இந்த’ என்ற சுட்டுக்கும் குடைக்கும் இடையில் பா அமர்ந்திருக்கிறது. கடைக்காரர் சொன்ன விடை 25 குவாய். அந்தக் குவாயும் ஓர் அளவைச் சொல்தான்: கட்டி, துண்டு என்று பொருள்படும். சோப்புக் கட்டியையும் கேக் துண்டையும் எண்ணும் அதே சொல்லால் பணத்தையும் எண்ணுகிறார்கள்.

தமிழில் ‘இரண்டு குடை’ என்றால் போதும். ‘குடைகள்’ என்று சொல்ல வேண்டிய கட்டாயம்கூட நமக்கு இல்லை. அஃறிணைப் பெயர் எண்ணோடு வரும்போது பன்மை எண்ணிலேயே தெரிந்துவிடுகிறது. அப்படியானால் தமிழில் அளவைச் சொற்களே இல்லையா என்ற கேள்வியோடு சந்தைக்குள் போனேன். அதற்கான விடையை வாழைப்பழக் கடையில் கண்டேன்.

அங்கே தம்பி “ஈ பா ஷியாங்ஜியாவ்” என்று கேட்டு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினான். குடைக்கு வந்த அதே பா இப்போது சீப்புக்கு வந்தது, ஒரு கை பற்றும் அளவு என்ற பொருளில். ஒற்றைப் பழம் வேண்டுமென்றால் ‘ஈ கன் ஷியாங்ஜியாவ்’ என்று கேட்க வேண்டும். கன் என்பது நீண்டு மெலிந்த பொருள்களுக்கு உரிய சொல். நாம் ஒரு பழம், ஒரு சீப்பு, ஒரு தார் என்கிறோம். சீப்பு என்ற சொல்லை நீக்கினால் கைக்கு வருவது ஒரே ஒரு பழம். ஒரு கட்டு கீரை, ஒரு முழம் பூ, ஓர் இணுக்குக் கறிவேப்பிலை எல்லாம் இப்படித்தான்: அந்தச் சொல்லை எடுத்தால் அளவு மாறிவிடும், அல்லது எவ்வளவு என்பதே தெரியாமல் போகும். குடையோடு வரும் பா அத்தகையதன்று. அதை நீக்கினாலும் குடை இரண்டுதான், தொடர்தான் உடைகிறது. அளவைச் சொற்கள் நம்மிடம் ஏராளமாக இருக்கின்றன, ஆனால் அளவு எதையும் சொல்லாமல் பொருளின் இனத்தை மட்டும் காட்டி நிற்கும் பா போன்ற சொல் நம் காய்கறிக் கடையில் இல்லை என்பதை அங்கேதான் தெளிவாக உணர்ந்தேன்.

பக்கத்துக் கடையில் அம்மா பூண்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுப் பூண்டை அங்கே ‘தோவ்’, அதாவது தலை என்று எண்ணுகிறார்கள். மாட்டையும் பன்றியையும் எண்ணுவது அதே சொல்லால்தான். (நம் ஊர்களிலும் திருவிழா வரியைத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்றுதானே பிரிக்கிறோம்.) பூண்டுத் தலையைப் பிரித்தெடுத்தால் நமக்கு அது பல், அவர்களுக்கு ‘பான்’. ஆரஞ்சுப் பழத்தை உரித்தெடுத்த சுளைக்கும் அவர்கள் பான் என்றே சொல்கிறார்கள். பூண்டுக்குப் பல், ஆரஞ்சுக்குச் சுளை என்று நாம் பிரித்து வைத்திருக்கும் இடத்தில் அவர்கள் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள் என்று சொன்னதும், அம்மா ஒரு பல்லைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வடிவம் ஒன்றாகத்தான் இருக்கிறது” என்றார்.

எந்தப் பொருளுக்கு எந்தச் சொல் என்று தெரியாதபோது ‘க’ என்ற பொதுச் சொல்லைப் போட்டுக்கொள்ளலாம். ‘லியாங் க ஸான்’ என்று கேட்டிருந்தால் கடைக்காரர் குடையை எடுத்துக் கொடுத்திருப்பார். கேட்க அவ்வளவு அழகாக இராது, அவ்வளவுதான். எதுவுமே போடாமல் விடுவதுதான் கூடாது. ஓரசைச் சொற்களும் ஒலியொப்புச் சொற்களும் மிகுந்த மொழியில், எண் முடிந்தது, இனி வருவது பிடியுள்ள ஒரு பொருள் என்று கேட்பவருக்கு அந்தச் சிறு சொல் முன்னறிவிப்புச் செய்கிறது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் பொருட்பெயரையே விட்டுவிட்டு ‘லியாங் பா’ என்று முடித்துக்கொள்ளலாம். அப்போதும் பாவை விட முடியாது.

மதியம் சாப்பிடப் போன கடையின் வாசலில் ஒரு பெண் “ஜி வெய்?” என்று கேட்டார். எத்தனை பேர் என்று பொருள். வெய் என்பது மனிதர்களை மரியாதையுடன் எண்ணும் அளவைச் சொல். அப்போதுதான் தமிழில் நான் காணாமல் விட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. ‘மூன்று பேர்’ என்பதில் வரும் பேர் எந்த அளவையும் கூட்டவில்லை. எண்ணப்படுவது மனிதர் என்று மட்டுமே காட்டுகிறது. மாட்டுக்கு அது வராது. ‘மூன்று மாணவர்கள்’ என்னும்போது பேர் இல்லாமலும் தொடர் நிற்கும். ஆனால் பெயரை விட்டுவிட்டு ‘மூன்று வந்தார்கள்’ என்று நம்மால் சொல்ல முடியாது. மூவர் என்றோ மூன்று பேர் என்றோ சொல்லியாக வேண்டும். அதன் இடம் மட்டும் வேறு: மாண்டரினில் அளவைச் சொல் பெயருக்கு முன்னால் வரும், தமிழில் ‘மாணவர்கள் மூன்று பேர்’ என்று பின்னால் வரும்.

நானும் அதே வெய்யைக் கொண்டு விடை சொல்லப் போனேன். தம்பி என் கையைத் தொட்டு நிறுத்தினான். நம்மை நாமே வெய் என்று மரியாதையாக எண்ணிக்கொள்வது முறையன்றாம். “ஸான் க ரென்” என்றான் அவன், மூன்று பேர்.